சுவரில் மாட்டிய ஜாதகம்

உங்கள் வீட்டுப் பிள்ளை போட்டிருக்கும் வட்டக் கழுத்து டீ-ஷர்ட்டைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பட்டி ஒன்று ஓடுகிறதல்லவா? அது மார்பின் மேல் அலை அலையாக எழும்பி நிற்காமல் அடக்கமாகப் படிந்திருந்தால், அதைத் தைத்தவருக்கு மனசுக்குள் ஒரு சபாஷ் போடலாம். அத்தனை சுலபமான காரியமில்லை அது.

அப்படிப்பட்ட ஒரு கை மூன்று நாள் லீவு போட்டதால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். மானேஜர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். அதற்கு நான் செய்யக்கூடிய பதில் மரியாதை அதுதான்.

அவருடைய அறைக்கு வெளியே சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டியிருந்தது. முதலில் அதை ஜாதகம் என்றே நினைத்தேன். அத்தனை கட்டங்கள்! இடது பக்கம் வரிசையாக எட்டுப் பேருடைய பெயர்கள். மேலே குறுக்கே ஏழு வேலைகள்: தோள் சேர்ப்பது, கழுத்துப் பட்டி வைப்பது, பின்கழுத்து டேப், கை மடிப்பது, கை சேர்ப்பது, பக்கத் தையல், அடி மடிப்பது. எட்டும் ஏழும் பெருக்கினால் 56 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலாக வகிர்ந்த தோசை மாதிரி ஒரு வட்டம். சில வட்டங்கள் வெறுமையாக இருந்தன. சிலவற்றில் கால் பங்கு கறுப்பு, சிலவற்றில் அரை, சிலவற்றில் முக்கால். முழுக் கறுப்பு இரண்டே இரண்டுதான்.

"இதுக்கு ஸ்கில் மேட்ரிக்ஸ்னு பேருங்க. யாருக்கு என்ன வேலை தெரியும், எவ்வளவு தெரியும், இன்னும் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுக்கோணும், எல்லாம் இதுல இருக்கு" என்றார் மானேஜர். பிறகு சற்றுத் தயங்கி, "இப்ப இருக்குது. முன்னே இருந்த அட்டை சுத்தப் பொய்யிங்க" என்றார்.

அந்தப் பொய்யின் கதையை முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுக்கும் முன் கம்பெனியைப் பார்வையிட ஆள் அனுப்புவார். வருகிறவர், "உங்கள் தொழிலாளர் திறமை அட்டவணை எங்கே?" என்று கேட்பார். ஆகவே முதல் நாள் சாயங்காலம் மேற்பார்வையாளர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் 56 கட்டங்களையும் நிரப்பிவிட்டார். தமக்கு வேண்டியவர்களுக்குத் தாராளமாகவும், எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குச் சிக்கனமாகவும் கறுப்பு பூசினார். மொத்தம் 34 கட்டங்களில் முக்காலோ முழுசோ விழுந்தது. கழுத்துப் பட்டிக்கு மட்டும் நாலு பேர் கெட்டிக்காரர்கள் என்று அட்டை சொல்லிற்று. பார்வையிட வந்தவருக்குப் பரம திருப்தி.

சில மாதங்கள் கழித்துக் கழுத்துப் பட்டி தைக்கும் அம்மாள் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டார். ஒரு வாரம் முன்கூட்டியே கேட்டார். மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்தார். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களே! "போய்ட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அடி மடிக்கும் இளைஞர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையில் அவருக்குக் கழுத்துப் பட்டியில் முழு வட்டம். பத்து மணிக்குள் செக்கிங் மேஜையில் இருந்த பெண்கள் சட்டைகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தவர் உட்கார்ந்தார், அவருக்குப் பழக்கமே போதாது. மூன்றாமவர் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், பெட்டிக்கடைக் கணக்குதான். ஒரு கழுத்துப் பட்டி வைக்க அந்தக் கம்பெனி போட்டிருக்கும் நேரம் 30 விநாடி. அப்படியானால் மணிக்கு 120. மனிதன் மிஷின் இல்லையே. நூல் அறும், தண்ணீர் குடிக்க வேண்டும். நூற்றுக்கு 80 பங்கு, அதாவது மணிக்கு 96 வந்தால் நல்ல கை என்று கணக்கு. எட்டு மணி நேரத்தில் 768 சட்டைகள். அன்று அந்த நாற்காலியில் வந்தது மணிக்கு 45. தோள் சேர்ப்பவர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் சட்டைகள் இங்கே வந்து மூட்டையாகக் குவிந்தன. இதற்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எட்டுப் பேர் இருக்கும் வரிசை, ஒரே ஒருவருடைய வேகத்தில்தான் ஓடிற்று. சாயங்காலம் எண்ணினால் 360; அதிலும் ஐம்பதைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மூன்று நாளும் இதே கதை.

"ஆள் இல்லாததுனால நஷ்டம்னு சொல்ல மாட்டேனுங்க. ஆள் இருக்குதுன்னு இந்தச் சுவர் சொல்லுச்சு, அதை நம்பினதுனாலதான் நஷ்டம்" என்றார் மானேஜர்.

நியாயமான பேச்சு. அட்டையே இல்லாதிருந்தால் மேற்பார்வையாளர், "ஐயோ, கழுத்துக்கு யார்?" என்று முன்னாலேயே கவலைப்பட்டிருப்பார்.

பழைய அட்டை குப்பைக்குப் போயிற்று. புதிதாக ஒன்று செய்வதென்று தீர்மானித்தார்கள். இந்தத் தடவை மேஜையில் உட்கார்ந்து அல்ல. மிஷினில் உட்கார வைத்து.

முதல் காரியமாக, கறுப்புக்கு என்ன அர்த்தம் என்பதை எழுதி வைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்லத் தைக்க முடிந்தால் கால் வட்டம். தனியாகத் தைக்கிறார், சட்டை சரியாக வருகிறது, வேகம் மட்டும் போதாது என்றால் அரை. சட்டையும் சரி, வேகமும் மணிக்கு 96-ஐத் தொடுகிறது என்றால் முக்கால். முழு வட்டம் யாருக்கு? இன்னும் வேகமாகத் தைப்பவருக்கு என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் இல்லை! வேறொருவருக்குச் சொல்லிக் கொடுத்து, அந்த ஆளை முக்கால் வட்டத்துக்குக் கொண்டுவந்தவருக்கே முழு வட்டம். கற்றவர் தைத்துக் காட்டும் வரையில் கற்பித்தவர் கட்டம் கறுக்காது.

பிறகு பரீட்சை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரியும் என்று சொல்லும் வேலையில் இருபது சட்டை தைக்க வேண்டும். முதல் ஐந்தைக் கை பழகுவதற்கென்று விட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். சட்டைகளில் பெயர் எழுதாமல் நம்பர்ச் சீட்டு மட்டும் குத்திச் செக்கிங் மேஜைக்கு அனுப்பினார்கள். எந்தச் சட்டை யாருடையது என்று அங்கிருந்த பெண்களுக்குத் தெரியாது. மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பு இதிலே நுழைய இடமில்லை பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். இருபது சட்டை என்பது பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம் யார் வேண்டுமானாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆகையால் தேறியவர்களை மறுநாள் வரிசையிலேயே ஒரு மணி நேரம் உட்கார வைத்து எண்ணினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? பழைய அட்டையில் 34 இருந்த இடத்தில் 17 தான் தேறிற்று. சரிபாதி!

முழு வட்டம் வாங்கியிருந்த அந்த இளைஞர் கழுத்துப் பட்டியை மணிக்கு 98 என்ற வேகத்தில் தைத்துத் தள்ளினார். ஆனால் இருபதில் ஆறு சட்டை அலை அடித்தது. வேகம் இருக்கிறது, சட்டை இல்லை. கால் வட்டத்துக்கு இறங்கினார். பாவம், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

ஆச்சரியம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பக்கத் தையலில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். கண்ணாடி போட்டவர், அதிகம் பேச மாட்டார். பழைய அட்டையில் கழுத்துப் பட்டிக் கட்டம் இவருக்கு வெறுமை. பரீட்சையன்று, "நானும் தெச்சுப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். மணிக்கு 70 தான் வந்தது. ஆனால் இருபது சட்டையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வருஷம் கழுத்துதான் தைத்தாராம்.

"ஏக்கா, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?" என்று மானேஜர் கேட்டதற்கு, "யாரும் கேக்கலையேங்க" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. மூன்று நாள் கம்பெனி தவித்தபோதும் அவர் இரண்டு மிஷின் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்!

இப்போது உண்மை அட்டை கைக்கு வந்துவிட்டது. யாருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? மேலிருந்து கீழாக முக்காலும் முழுசும் எத்தனை என்று எண்ணினார்கள். தோளுக்கு 3, கழுத்துக்கு 1, டேப்புக்கு 2, கை மடிப்புக்கு 3, கை சேர்ப்புக்கு 2, பக்கத் தையலுக்கு 4, அடி மடிப்புக்கு 2. வேண்டியது எத்தனை? உட்காருகிறவர் ஒருவர், அவர் வராவிட்டால் மாற்றாள் ஒருவர், ஆக இரண்டு. பக்கத் தையல் நீளம் என்பதால் அதற்கு இருவர் உட்காருகிறார்கள், அங்கே மூன்று. கழுத்து கற்றுக்கொள்ள நாளாகும் வேலை. அதற்கும் மூன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கழித்துப் பார்த்தால் கழுத்துக்கு மட்டும் இரண்டு பேர் குறைவு. மற்றதெல்லாம் சரி.

சரியா? மானேஜர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கழுத்து தைக்கும் அம்மாளின் பெயர் வரிசையை ஓர் அடிக்குச்சியால் மறைத்தார்.

"இப்ப எண்ணுங்க சார்."

எண்ணினேன். கழுத்தில் ஒருவருமில்லை, அது தெரிந்ததே. ஆனால் கை சேர்ப்பிலும் இரண்டு ஒன்றாகிவிட்டது! கை சேர்ப்புக்கு மாற்றாள் என்று எண்ணியிருந்த அந்த இரண்டாவது ஆளும் இதே அம்மாள்தான். கை சேர்ப்பவர் ஒருநாள் வராவிட்டால் இந்த அம்மாளை அங்கே மாற்ற வேண்டும். மாற்றினால் கழுத்து காலி. ஒரே ஆளை இரண்டு பத்தியில் எண்ணிவிட்டு இரண்டு பேர் என்று திருப்திப்பட்டிருந்தோம். கூட்டுத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு பெயராக மறைத்து, மிச்சம் ஏழு பேரை ஏழு வேலையிலும் உட்கார வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டுத் தடவை அடிக்குச்சியை நகர்த்தினால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே கழுத்துக்கு இருவர், கை சேர்ப்புக்கு ஒருவர் என்று பயிற்சிக் கணக்கு முடிந்தது.

ஆட்களைப் பொறுக்கியதிலும் யுக்தி இருந்தது. கழுத்துக்கு முதலில் நம் கண்ணாடி அம்மாள். அரை வட்டத்தில் இருக்கிறார். முக்காலுக்கு அதிக தூரமில்லை. அதோடு, பக்கத் தையலில் நாலு பேர் இருப்பதால் தினம் ஒரு மணி நேரம் அவரை அங்கிருந்து எழுப்பினால் எதுவும் கெடாது. இரண்டாவது, தோள் சேர்க்கும் பையன். புதுசு. அதே ஓவர்லாக் மிஷினில் கை பழகியவன். தோளுக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வேறு எந்த வேலைக்காவது தான் ஒருவரே கதி என்று இருப்பவரைப் பயிற்சிக்கு இழுக்கவில்லை. இழுத்திருந்தால் ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டை போட்டதாகும்.

இந்த மாதிரி அட்டவணை ஒன்றும் நேற்று முளைத்ததல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய கைகள் பட்டாளத்துக்குப் போய்விட, புதியவர்களைச் சீக்கிரம் பழக்க வேண்டிய அவசரம் ஏற்பட்டது. 1940 முதல் 1945 வரை அங்கே அரசாங்கம் நடத்திய பயிற்சித் திட்டத்தில், மேஸ்திரிகளுக்கு இப்படி ஒரு கட்டத்தைப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் வேலை. தெரிந்தால் ஒரு குறி, தெரியாவிட்டால் எந்தத் தேதிக்குள் தெரிய வேண்டும் என்று தேதி. யுத்தத்துக்குப் பின் அந்தப் பாடம் ஜப்பானுக்குப் போய், அங்கே நன்றாக வேர் பிடித்தது. திருப்பூர் அட்டையிலும் கண்ணாடி அம்மாளின் அரை வட்டத்துக்குக் கீழே ஒரு தேதி எழுதியிருந்தது. நாலு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை.

சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கழுத்து தைக்கும் அம்மாள். கையில் வித்தை இருக்கிறது, வாயில் வரவில்லை. "எப்படீங்க்கா பண்றீங்க?" என்றால், "அது கை பாட்டுக்குப் போகுதுங்க" என்பாராம். நம் வீட்டுப் பாட்டிமார் ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்கிற பதில்தான்! கடைசியில் மேற்பார்வையாளர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் அவர் கையையே பார்த்து மூன்று விஷயம் எழுதி எடுத்தார்.

கழுத்துத் துவாரத்தின் சுற்றளவு 54 செண்டிமீட்டர் என்றால் பட்டி 45 தான் இருக்கிறது. பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் அது பிறகு சுருங்கிக் கழுத்தோடு படியும். இழுப்பது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்காகத் துவாரத்தையும் பட்டியையும் நாலு சம பாகமாக அடையாளமிட்டு, அடையாளத்துக்கு அடையாளம் பொருத்துகிறார். இது முதல் விஷயம். இழுக்கும்போது பட்டியை மட்டும் இழுக்கிறார்; சட்டைத் துணியில் கை அழுத்துவதே இல்லை. இது இரண்டாவது. தோள் தையல் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, அதைப் பின்பக்கம் சாய்த்துவிட்டு மேலே போகிறார். இது மூன்றாவது. அந்த இளைஞர் சட்டை ஏன் அலை அடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. வேகத்துக்காக அவர் அடையாளத்தைப் பாராமல், முதல் பாதியில் அதிகம் இழுத்துவிட்டு, இரண்டாம் பாதியில் மிஞ்சியதைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் பயிற்சி. முதல் மூன்று நாள் கழிவுத் துணியில். பிறகு ஆர்டர் சட்டையில். கண்ணாடி அம்மாளின் கணக்கு அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. ஆரம்பத்தில் 70. முதல் வாரம் முடிவில் 66! குறைந்துவிட்டதே என்று எல்லாருக்கும் கலக்கம். பழைய கம்பெனியில் பழகிய முறையை விட்டுப் புது முறைக்குக் கை மாறும்போது அப்படித்தான் ஒரு தடவை சறுக்கும். இங்கே பயந்துபோய் நிறுத்தியிருந்தால் எல்லாம் வீண். இரண்டாம் வாரம் 78, மூன்றாம் வாரம் 90, நாலாம் வாரம் 99. முக்கால் வட்டம் விழுந்தது. அன்றைக்கே கழுத்து அம்மாளின் கட்டமும் முழுசாயிற்று. தோள் சேர்க்கும் பையன் 71-இலேயே நிற்கிறான். அரை வட்டம். தேதியை அடித்துவிட்டு இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

வட்டங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேறொரு தேதியும் இருந்தது. கடைசியாக அந்த வேலையில் உட்கார்ந்த நாளாம். பேட்லாக் மிஷினில் அடி மடிப்பு கற்றுத் தேறிய ஒருவர், எட்டு மாதம் அதன் பக்கமே போகவில்லை. மறுபடி உட்கார்த்தினால் 60 தான் வந்தது. சுவரில் முக்கால், கையில் அரை. இப்போது பதினைந்து நாளைக்கு ஒருதரமாவது ஒவ்வொருவரையும் இரண்டாவது நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்த்துகிறார்கள். மூன்று மாதம் தொடாத கட்டத்துக்கு மறு பரீட்சை. வட்டக் கழுத்துக்குப் பதிலாகக் காலர் வைத்த சட்டைக்கு ஆர்டர் வந்தால் அட்டையில் புதுப் பத்திகள் சேரும். அவற்றில் எட்டுப் பேருக்குமே வெறும் வட்டங்கள்தான்.

கை சேர்ப்புக்கு மாற்றாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மானேஜர் முகம் சற்று மாறிற்று.

"அந்தக்காகிட்டயே கேளுங்க" என்றார்.

கை மடிக்கும் அம்மாள் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மணிக்கு 110-க்குக் குறைந்து தைத்ததே இல்லையாம். கை சேர்ப்பு கற்றுக்கொள்ளச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். தேநீர் வேளையில் அவரிடம் பேசினேன்.

"எனக்குப் பீஸ் கணக்குக் கூலிங்க. இங்க கை ஓடுது, வாரம் எவ்வளவு வரும்னு தெரியும். அங்க போயி உட்கார்ந்தா பாதிதான் ஓடும். யார் குடுப்பாங்க மிச்சத்தை?"

பயிற்சி நேரத்துக்கு முந்தைய சராசரிக் கூலியைத் தருவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே என்றேன்.

"ஒட்டியிருக்காங்க. போன தடவை ஒட்டின அட்டையை வச்சுத்தானுங்க, உனக்குக் கால் வட்டம்தானேன்னு ரெண்டு பேருக்குக் கூலி ஏத்தாம விட்டாங்க. அந்தக் கால் வட்டம் போட்டது யாரு, எதைப் பார்த்துப் போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் இன்னொண்ணு சார். எல்லாம் தெரிஞ்சவளைத்தான் தினம் ஒரு நாற்காலிக்கு இழுப்பாங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சவ நிம்மதியா உட்கார்ந்திருப்பா."

திரும்பி வந்து மானேஜரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"அட்டையைக் கூலிக்கத்தியாப் பண்ணினது எங்க தப்புத்தானுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா கூலி குறையும்னா, யாருங்க உண்மை சொல்லுவாங்க? இப்போ பரீட்சையில மார்க்கு குறைஞ்சா கூலி குறையாதுன்னு எழுதிக் குடுத்துட்டோம். இரண்டாவது நாற்காலியில உட்காருற நாளுக்குத் தனிப்படி போடலாம்னு முதலாளிகிட்டக் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலீங்க."

நான் கிளம்பும்போது மணி மூன்று. கழுத்துப் பட்டி நாற்காலியில் கண்ணாடி அம்மாள் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நாற்காலிக்கு அவருடைய முறை அன்று. கழுத்து அம்மாள் எழுந்து பின்னால் நின்று பையன் கையைத் திருத்திக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் போகும்போது அட்டையை மறுபடி ஒருதரம் பார்த்தேன். கை மடிக்கும் அம்மாள் பெயருக்கு நேரே, கை சேர்ப்பு என்ற பத்தியில், வட்டம் வெறுமையாகவே இருந்தது. அதன் கீழே தேதி எழுத வேண்டிய இடத்தில் மானேஜர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.